பத்தரை ஆனா இட்லி மறைஞ்சுடுமா?

பதிவுப் பக்கம் தலைகாட்டி மூணு மாசம் ஆச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிஞ்சதும் ஆடிட், அது முடிஞ்சதும் பையனுக்கு காலேஜ் அட்மிஷன் என்று வரிசையாக வந்ததில் தமிழில் நாலு வரி தட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். அதுவும் ஒரு டிவி பெட்டி மேல் வந்த கோபம். :-)

மும்பையில் எங்கள் அலுவலகக் கட்டிடத்தின் ஆறாவது மாடியில் கேன்டீன். சுமார் 300 பேர் சாப்பிடுகிறோம். அதை ஒரு காண்ட்ராக்டர் நடத்துகிறார், மேற்பார்வைக்கு ஒரு கமிட்டி. "பி.காம் படிச்சவர், கணக்கு நல்லா பார்ப்பார்" என்று சொல்லி என்னை அந்தக் கமிட்டியில் தள்ளிவிட்டார்கள். போன வருஷம் வரை கவுண்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. காலையில் சாக்பீஸில் எழுதுவார்கள், தீர்ந்துபோனதைத் துணியால் துடைப்பார்கள். அதை எடுத்துவிட்டு 43 அங்குல ஸ்கிரீன் மாட்டினார்கள். காலையில் டிபன் பட்டியல், மதியம் சாப்பாட்டுப் பட்டியல், சாயங்காலம் டீ, வடை என்று நேரத்துக்கு ஏற்றபடி தானாகவே மாறும். எந்த மணிக்கு எது வரவேண்டும் என்ற அட்டவணையை ஸ்கிரீன் மாட்டிய கம்பெனிக்காரர்கள் அவர்கள் ஆபீஸிலிருந்தே ஏற்றிவிடுவார்கள். கேன்டீனில் யாரும் எதையும் தொடவேண்டாம்.

தொடவேண்டாம் என்பது மட்டுமில்லை, தொடவும் முடியாது. என் சண்டை முழுக்க இங்கேதான்.

இப்போது எல்லா ஊர் அலுவலகக் கேன்டீன்களுக்கும் ஒரே அட்டவணை, ஒரே இடத்திலிருந்து கட்டுப்பாடு என்று மேலே ஒரு யோசனை ஓடுகிறது. கவுஹாத்தியில் ஜூன் மாசம் நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது, மும்பையில் ஆறு ஆகிறது. பசிக்கும் நேரம் ரெண்டு ஊரிலும் எப்படி ஒன்றாக இருக்கும்? சரி, அந்த யோசனையை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். முதலில் எங்கள் கேன்டீனில் நடந்ததைச் சொல்கிறேன்.

கவுண்டரில் பில் போடும் தம்பி விழுப்புரம் பக்கம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இங்கே வந்தவன். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் மெல்லப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? டெய்லி கல்லாவுல இருநூறு, முந்நூறு துண்டு விழுதுண்ணே. மொதலாளி சம்பளத்துல புடிக்கிறாரு. சத்தியமா நான் ஒரு பைசா எடுக்கல."

எங்கள் தொழிலில் இந்த வசனத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேஷியர் கவுண்டரில் பணம் குறைந்தால் யாரும் முதலில் கேஷியரின் கையைப் பார்க்க மாட்டோம், வவுச்சரைத்தான் பார்ப்போம். அதனால் காண்ட்ராக்டரிடம் அந்தப் பதினோரு வேலை நாளின் பில் பட்டியலை வாங்கினேன். பில் மெஷினில் ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு பில்லிலும் மணி நிமிஷம் விழும்.

மொத்தம் துண்டு விழுந்தது 2,815 ரூபாய். நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எல்லா நாளும் 20-இன் மடங்காகவே இருந்தது. 240, 280, 220 என்று. ஒரே ஒரு நாள் மட்டும் கூடுதலாக 15 ரூபாய். அது ஒரு டீ, காசு வாங்க மறந்ததை அவனே ஒத்துக்கொண்டான். திருடுகிறவன் இருபது இருபதாக எண்ணித் திருடமாட்டான். விலையில் எங்கேயோ 20 ரூபாய் இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துபோனது.

எங்கே இடித்தது என்றால், மதியச் சாப்பாடு ஊழியர்களுக்குச் சலுகை விலையில் 50 ரூபாய், சலுகை நேரம் முடிந்தால் 70. பழைய காண்ட்ராக்டில் சலுகை 3 மணி வரை. புது காண்ட்ராக்டில் அதை 2.30 ஆக்கிவிட்டார்கள். காண்ட்ராக்டர் தன் பில் மெஷினில் அன்றைக்கே மாற்றிவிட்டார். ஸ்கிரீனில் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கம்பெனிக்கு மெயில் போட்டு, அவர்கள் மாற்றி, அது வந்து சேர நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஆக 2.30 முதல் 3 மணி வரை தினமும் அரைமணி நேரம் போர்டு 50 என்றது, மெஷின் 70 என்றது.

அந்த அரைமணியில் வரும் ஆட்கள் போர்டைப் பார்ப்பார்கள். கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தாங்களே 50 என்று தட்டி அனுப்பிவிட்டுத் தட்டை நீட்டுவார்கள். பையன் "எழுபது சார்" என்றால் விரல் நேராக ஸ்கிரீனைக் காட்டும். பெரிய ஆபீஸர், பெரிய ஸ்கிரீன், சின்னப் பையன். எவன் ஜெயிப்பான்? அந்த நேரத்துப் பில்களை எண்ணினேன். பதினோரு நாளில் 140. இருபதால் பெருக்கினால் 2,800. டீயின் 15 ரூபாயைச் சேர்த்தால் கணக்கு பைசா சுத்தமாக டேலி ஆகிவிட்டது.

சாப்பிட்டவன் யாரும் புகார் செய்யவில்லை, அவனுக்கு நஷ்டமில்லையே. காண்ட்ராக்டர் புகார் செய்யவில்லை, அவர் பையனிடம் பிடித்துக்கொண்டார். ஸ்கிரீன் கம்பெனிக்கு விஷயமே தெரியாது. மூன்று பக்கமும் நிம்மதி. நாலாவது பக்கத்தில் நின்றவன் தமிழ்ப் பையன், கமிட்டியில் ஒரு தமிழ் ஆள் இருந்தான். அந்த அதிர்ஷ்டம்தான் அவனைக் காப்பாற்றியது. ஒரிசாப் பையனாக இருந்திருந்தால் இன்னும் மாசாமாசம் கட்டிக்கொண்டிருப்பான்.

காண்ட்ராக்டரிடம் காகிதத்தை நீட்டினேன், 2,800-ஐயும் அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு விட்டிருந்தால் இந்தப் பதிவு இல்லை. ஸ்கிரீன் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். "சார், கவுண்டர் ஸ்டாஃப் கையில கன்ட்ரோல் குடுத்தா தப்பு பண்ணுவாங்க. ஆட்டோமேஷனோட பாயிண்டே அதுதான்" என்றார். நான் ஙே என்று விழித்தேன். தப்பு செய்தது அட்டவணை. தண்டம் கட்டியது பையன். நம்பக்கூடாதவன் மட்டும் பையனா?

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நேரத்துக்கு நேரம் பட்டியல் மாறுவதில் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குக் கரும்பலகையில் காலைப் பொங்கல் இளித்துக்கொண்டிருந்த நாட்களை நானும் பார்த்திருக்கிறேன். பில் போடுகிறவன் பலகையையும் நினைவில் வைத்துத் துடைப்பது கஷ்டம்தான். கடிகாரம் ஞாபகப்படுத்தட்டும். ஆனால் கடிகாரத்துக்கு மணி தெரியும், அடுப்பு தெரியாது. இதை ஒத்துக்கொள்ளாத அட்டவணை எல்லாமே யாரோ ஒருத்தர் தலையில்தான் விடியும்.

இட்லி விஷயத்தையே பாருங்கள். அட்டவணையில் டிபன் 8 முதல் 10.30 வரை, சாப்பாடு 12 முதல். நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு எதுவும் போடவில்லை. எதுவும் போடாவிட்டால் இந்த ஸ்கிரீன்கள் சும்மா இருக்காது, காலி நேரத்துக்கென்று வைத்திருக்கும் பொதுப் படங்களைக் காட்டும். எங்கள் ஸ்கிரீனில் டெபாசிட் திட்ட விளம்பரம். பத்தரை அடித்ததும் இட்லி மறைந்து வட்டி விகிதம் வந்துவிடும். வரிசையில் நிற்கிறவர்கள் டிபன் முடிந்துவிட்டது என்று திரும்பிப் போவார்கள். உள்ளே பாத்திரத்தில் முப்பது நாற்பது பிளேட் இட்லி ஆவி பறக்க இருக்கும். ஊர்விட்டு ஊர் வந்து இட்லிக்கு ஏங்குகிற நமக்கு இதைவிட வயிற்றெரிச்சல் உண்டா?

அந்த 10.30 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஸ்டாண்டர்டு டைம் சார்" என்றார்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் நீண்டகாலமாக காலை உணவு 10.30 வரைதான் கிடைக்கும். ஆனால் அங்கே அந்த நேரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதே சூட்டுத் தட்டில் முட்டைக்குப் பிறகு இறைச்சி போடவேண்டும், ரெண்டுக்கும் வேறு வேறு சூடு, இடமும் குறைவு. 2015 அக்டோபரில் வாடிக்கையாளர் தொல்லை தாங்காமல் நாள் முழுக்க காலை உணவு என்று ஆரம்பித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் சமையலறை வேலையைக் குறைக்க அதை நிறுத்தினார்கள். வைத்ததும் எடுத்ததும் அடுப்பைப் பார்த்துத்தான். நம் ஆட்கள் நேரத்தை மட்டும் காப்பியடித்தார்கள், அடுப்பை விட்டுவிட்டார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், தம்பியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். கடைசி டிபன் பிளேட் எத்தனை மணிக்குப் போனது, சாப்பாட்டின் முதல் தட்டு எத்தனை மணிக்குத் தயாரானது, இந்த ரெண்டை மட்டும் பத்து நாள் எழுதச் சொன்னோம். டிபன் 10.10-க்கு முடிந்த நாளும் உண்டு, 10.55 வரை ஓடிய நாளும் உண்டு. சாப்பாடு எந்த நாளும் 12.10-க்கு முன்னால் தயாரானதில்லை. ஆக 12 மணிக்கு "சாப்பாடு தயார்" என்று ஸ்கிரீன் சொன்னது தினப் பொய்.

இப்போது டிபன் பட்டியல் 11 மணி வரை இருக்கும். அதற்கு முன்னால் எது தீர்ந்தாலும் தம்பி தன் கவுண்டரிலிருந்தே அந்த வரியை "தீர்ந்தது" என்று மாற்றுவான். பதினோரு மணி முதல் சாப்பாட்டுப் பட்டியல் "12.15 முதல்" என்ற தலைப்போடு வரும், கீழே டீ, காபி, பிஸ்கட் விலை. காலி நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. அட்டவணையில் ஓட்டை விழுந்தாலும் பொதுப் படமாக வருவது விளம்பரம் அல்ல, எந்த நேரத்திலும் உண்மையாக இருக்கும் டீ, காபி விலைப் பட்டியல்.

விலை மாறும் நேரத்துக்கு ஒரு விதி வைத்தோம். உங்களில் மெஸ், டிபன் கடை நடத்துகிறவர்கள் யாராவது ஸ்கிரீன் வாங்கியிருந்தால் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். விலை ஏறும்போது முதலில் போர்டு மாறவேண்டும், பில் மெஷின் பின்னால் மாறவேண்டும். விலை இறங்கும்போது முதலில் மெஷின், பின்னால் போர்டு. நடுவில் விடவேண்டிய இடைவெளி, போர்டைப் படித்த ஆள் கவுண்டருக்கு வந்து சேரும் நேரம். எங்கள் வரிசையில் அது பத்து நிமிஷம். போர்டு 2.30-க்கு 70 ஆகும், மெஷின் 2.40-க்கு ஆகும். 2.28-க்கு 50 என்று படித்துவிட்டு வரிசையில் நின்றவன் 2.36-க்கு வந்தாலும் 50-தான் கொடுப்பான். தான் பார்த்த விலைக்கு மேல் யாரும் கொடுக்க வேண்டியதில்லை, தம்பிக்கும் வாக்குவாதம் இல்லை. காண்ட்ராக்டர் முதலில் முகம் சுளித்தார். பத்து நிமிஷத்தில் போவது நாலைந்து பேருக்கு இருபது இருபது ரூபாய், தினம் நூறுக்குள். "அதுவரைக்கும் பையன் குடுத்ததை இப்ப நீங்க குடுங்க" என்றேன். பேச்சு நின்றது.

அடுத்தது விளம்பரம். மதியம் 1 மணிக்கு வரிசை கதவு வரை நிற்கும். அந்த நேரத்தில் ஸ்கிரீனில் நாலு படம் மாறி மாறி ஓடும், ஒவ்வொன்றும் 15 விநாடி. அதில் ஒன்றுதான் சாப்பாட்டுப் பட்டியல். நிமிர்ந்து பார்க்கிறவன் கண்ணில் நாலுக்கு மூணு தடவை படுவது தீயணைப்புப் பயிற்சி, யோகா தினம், கிரெடிட் கார்டு. பட்டியலைப் படிக்காமல் கவுண்டருக்கு வந்து "க்யா ஹை ஆஜ்?" என்று கேட்பான். தம்பி 300 பேருக்கும் மனப்பாடமாக ஒப்பிப்பான், வரிசை இன்னும் நீளும். "அதிகம் பேர் பார்க்கிற நேரம் அதுதானே சார்" என்றார் கம்பெனி இளைஞர். பார்ப்பது வேறு, பார்க்க வந்தது வேறு. பசியோடு நிற்கிறவன் தேடுவது குழம்பை. விளம்பரத்தை டீ நேரத்துக்குத் தள்ளினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கும்போது யோகாவும் பார்ப்பான், கிரெடிட் கார்டும் பார்ப்பான்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்கு ஸ்கிரீனில் திடீரென்று பொங்கல், வடை! ஆறாவது மாடியே சிரித்தது. கம்பெனிக்காரர்கள் வைரஸ் என்றார்கள். எனக்கோ கணக்குப் புத்தி. 8 மணிக்கு வரவேண்டியது 1.30-க்கு வந்தால் வித்தியாசம் ஐந்தரை மணி. இந்திய நேரத்துக்கும் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஐந்தரை. சனிக்கிழமை பெட்டியை மாற்றியபோது நேர மண்டலத்தை இந்தியா என்று வைக்க மறந்திருக்கிறார்கள். தவறு சரியாக ஐந்தரை மணி என்றால் அதுதான் காரணம். கரண்ட் போய் வந்த பிறகு கண்டபடி தப்பு நேரம் காட்டினால் காரணம் வேறு. இந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. நேரத்தை நெட்டிலிருந்துதான் எடுக்கும். நெட் வர தாமதமானால் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு ஓடும். மருந்து எளிது: ஸ்கிரீனின் மூலையில் மணியையும் தேதியையும் போடச் சொல்லுங்கள். கடிகாரம் பிசகினால் சாப்பிட வருகிற முதல் ஆளே சொல்லிவிடுவான்.

இத்தனையும் சரிசெய்ய எங்களுக்கு ஆன செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா, தம்பிக்கு ஒரு பாஸ்வேர்ட். அந்தப் பாஸ்வேர்டால் விலையை மாற்ற முடியாது. "தீர்ந்தது" என்று போடலாம், அடுத்த பட்டியலை முன்னாலோ பின்னாலோ அரைமணி வரை நகர்த்தலாம், அவ்வளவுதான். எப்போது என்ன மாற்றினான் என்பது பதிவாகும். பேங்கில் கேஷியருக்கு ஒரு வரம்பு, ஆபீஸருக்கு ஒரு வரம்பு என்று வைத்திருக்கிறோமே, அதே மாதிரி. தப்பு செய்வான் என்று பயந்து கேஷியருக்குச் சாவியே கொடுக்காமல் கவுண்டரைத் திறக்கும் பேங்க் உண்டா?

இப்போது வரப்போகும் ஒரே அட்டவணைத் திட்டத்தில் அந்தப் பாஸ்வேர்டும் போய்விடுமாம். நான் கமிட்டியில் எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன். மெயிலில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ஸ்கிரீனில் போட்ட விலைக்கும் பில் விலைக்கும் வரும் வித்தியாசத்தை, அட்டவணையைக் கட்டுப்படுத்துகிறவரே ஏற்கவேண்டும், கவுண்டர் ஊழியரிடம் பிடிக்கக்கூடாது. அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. :-)

பி.கு: தங்கமணி இதைப் படித்துவிட்டு, "வீட்ல காலை எட்டரைக்கு மேல டிபன் கிடையாதுன்னு நான் சொன்னா மட்டும் கேட்டுக்கறீங்க" என்றாள். வீட்டில் அட்டவணையும் அடுப்பும் ஒரே ஆளிடம் இருக்கிறது. அங்கே ஆட்சேபத்துக்கு இடமில்லை.